தானாக அழியும் செய்திகளும் உம்மும்மாவின் குரலும்

என் உம்மா வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். அளவு கேட்டும் படம் அனுப்பியும் புதிய இலக்கங்களிலிருந்து அவருடைய வட்ஸ்அப்பில் செய்திகள் வந்து குவியும். ஒரு வாரம் கழிந்தால் அவை எதற்கும் தேவைப்படுவதில்லை. எனவே Settings, Privacy, Default message timer என்ற வழியில் சென்று 7 நாளைத் தெரிவு செய்தேன். 24 மணித்தியாலமும் 90 நாளும் அங்கே இருந்தன.

உம்மாவின் முகம் மாறியது. "உம்மும்மாட குரல் எல்லாம் அழிஞ்சி போகுமா மகள்?" என்று கேட்டார். வபாத்தான உம்மும்மா அனுப்பிய குரல் பதிவுகள் அந்தத் தொலைபேசியில்தான் இருக்கின்றன.

அவை அழியாது. இந்த அமைப்பு, நாம் தொடங்கினாலும் மற்றவர் தொடங்கினாலும், இனிமேல் ஆரம்பிக்கும் தனி உரையாடல்களுக்கு மட்டுமே உரியது. பழைய உரையாடலொன்றில் நேரக்கணிப்பை நாமே இயக்கினாலும், அதன் பின்னர் வரும் செய்திகளே அழியும். முன்னர் வந்தவை அப்படியே இருக்கும்.

ஆனாலும் சொல்வதோடு நிறுத்தாமல் சரிபார்த்தோம். உரையாடலைத் திறந்து மேலேயுள்ள பெயரைத் தொட்டால் Disappearing messages என்ற வரி தெரியும். அதன் கீழே Off என்றிருந்தால் பயமில்லை. உம்மும்மாவின் உரையாடலில் Off என்றே இருந்தது.

நானாவின் உரையாடலிலோ 7 நாள் என்றிருந்தது! கட்டாரிலிருந்து காசு அனுப்பும்போது வங்கிச் சீட்டின் படத்தை அவர் அதில்தான் அனுப்புவார். மாற்றியது யார் என்பதை உரையாடலின் உள்ளேயே ஒரு சிறு வரி காட்டும். தனி உரையாடலில் இருவரில் எவரும் மாற்றலாம் என்பதால் அந்த வரியைப் பார்ப்பது அவசியம். அதில் நானாவின் பெயர் இல்லை, You என்றிருந்தது. தவறு என்னுடையதுதான். நேரத்தைத் தெரிவு செய்த அதே பக்கத்தில், பழைய உரையாடல்களுக்கும் அதைப் பொருத்தும் வழியொன்று உண்டு. அதைத் தொட்டு, வந்த பட்டியலில் நானாவின் பெயரையும் அடையாளமிட்டிருக்கிறேன்.

உடனே Off ஆக்கினேன். எனினும் இடையில் வந்திருந்த ஒரு சீட்டுக்கு 7 நாள் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. Off ஆக்குவதால் அது நிற்காது. அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து Keep கொடுத்தேன். அனுப்பியவர் விரும்பினால் அதை நீக்கிவிடலாம் என்பதால், படத்தைத் தொலைபேசியிலும் சேமித்துக்கொண்டோம்.

இன்னொன்று: நாள் எண்ணப்படுவது நாம் வாசித்த நேரத்திலிருந்து அல்ல, அனுப்பிய நேரத்திலிருந்து. ஒரு வாரம் வட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால், வாசிக்காத செய்தியும் போய்விடும்.

எனவே நேரத்தைத் தெரிவு செய்த அன்றே, இழக்க விரும்பாத உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எங்களுக்கு அதற்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. அன்றிரவு உம்மா உம்மும்மாவின் ஒரு பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் உறங்கினார்.