‘கேம் நின்னு போச்சு’ என்றால் போதாது

மைன்கிராஃப்ட் ஆடுபவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் சர்வரில் சேர்ந்ததும் முதலில் கண்ணில் படுவது ஓர் அறிவிப்பு. அதில் விதிகள் இருக்கும், மாடரேட்டர்கள் யார் என்றும் பக் இருந்தால் எப்படிச் சொல்வது என்றும் இருக்கும். பலர் படிக்காமலே ‘சம்மதம்’ அழுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

விதிகளில் புதிராக ஒன்றும் இல்லை. வசை கூடாது, விளம்பரம் கூடாது, ஏமாற்று மென்பொருள் பற்றிப் பேசக் கூடாது. மீறினால் எச்சரிக்கை, அடுத்து டைம்-அவுட்: 60 நொடியிலிருந்து 1 வாரம் வரை வாய் திறக்க முடியாது, மற்றவர் பேசுவதைப் படிக்கலாம். கிக் செய்யப்பட்டவர் அழைப்பு கிடைத்தால் திரும்ப வரலாம். பேன் ஆனவருக்கு அதுவும் இல்லை. இதையெல்லாம் செய்யும் மாடரேட்டர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ரசிகர்கள்தான். விளையாட்டின் நிரலைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் ‘எப்போ சரி செய்வீங்க’ என்று சண்டை போடுவது வீண்.

அறிவிப்பில் ஊன்றிப் படிக்க வேண்டியது பக் பகுதி. ‘படகில் ஏறினா கேம் மூடிக்குது’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஜாவா பதிப்பா, பெட்ராக்கா? எத்தனையாவது பதிப்பு? ஜாவாவில் F3 அழுத்தினால் பதிப்பு எண் திரையின் மேல் மூலையில் தெரியும். மோட் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? இதுதான் முக்கியமான கேள்வி. மோட்களை நீக்கி, புது உலகம் ஒன்றைத் திறந்து, தண்ணீரில் படகை வைத்து ஏறிப் பாருங்கள். கேம் மூடவில்லையென்றால் கோளாறு மோட் பக்கம். அதை எழுதியவரிடம்தான் சொல்ல வேண்டும். அப்போதும் மூடினால் செய்ததை வரிசையாக எழுதி, என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று சேர்த்தால் மற்றவரும் செய்து பார்க்கலாம். உறுதியான பக், மோஜாங் நிறுவனத்தின் bugs.mojang.com தளத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலில் தேடிப் பாருங்கள், யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கலாம்.

கேம் முழுதாக மூடிக்கொண்டால் crash-reports என்ற ஃபோல்டரில் ஓர் உரைக்கோப்பு விழும். இணைக்க வேண்டியது அதைத்தான், திரையின் படத்தை அல்ல. ஆனால் இணைக்கும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள். கோப்பின் பாதையில் உங்கள் கணினியின் பயனர்பெயர், சில சமயம் உங்கள் சொந்தப் பெயரே, இருந்துவிடும்.

ஒரு வகை பக்கை மட்டும் பொதுச் சானலில் போடவே கூடாது: பிறர் கணினிக்குள் புகவோ பொருள்களை நகலெடுக்கவோ வழி தருவது. அதை மாடரேட்டருக்குத் தனியாகச் சொல்லச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்டது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே அடுத்தவர் கணினியில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. ஓட்டை பற்றிய செய்தி பரவிய வேகத்தில் அந்த வரியும் பரவியது. டிசம்பர் 10 அன்று மோஜாங் 1.18.1 பதிப்பை வெளியிட்டு அடைத்தது. ஆனால் பழைய பதிப்பில் சர்வர் நடத்தியவர்கள் தாங்களே அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.