சிஎன்சி ஆபரேட்டர் ரெஸ்யூம்: "4 வருட அனுபவம்"னு எழுதினா என்ன புரியும்?

என் சித்தி பையன் போன மாசம் தன்னோட ரெஸ்யூமை அனுப்பினான். கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் நாலு வருஷமா சிஎன்சி ஓட்டுறான். பெரிய கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணா, ட்ரெய்னி சம்பளம்தான் சொல்றாங்களாம். ரெஸ்யூமைப் பார்த்தேன். வேலையைப் பற்றி இருந்தது ஒரே வரி: "சிஎன்சி ஆபரேட்டர், 4 வருட அனுபவம்." மீதி முழுக்க குறிக்கோளும் பொழுதுபோக்கும்!

நான் சாஃப்ட்வேர் ஆள். அதனால அவனைக் கேள்வி கேட்டே எழுத வேண்டியதாச்சு. என்ன மெஷின்? டர்னிங் சென்டர், 8 இஞ்ச் சக், ஃபேனக் கன்ட்ரோல். இந்த மூணும் முதல் வரிக்கு வந்துடுச்சு. விஎம்சி ஓட்டினவரும் டர்னிங் ஓட்டினவரும் ஒண்ணு இல்லை. கன்ட்ரோல் பேர் இருந்தா, அந்த ஸ்க்ரீன் இவனுக்குப் பழக்கம்னு சூப்பர்வைசருக்குப் புரியும்.

அடுத்தது டாலரன்ஸ். "துல்லியமா வேலை செய்வேன்"னு எழுதியிருந்தான். அதை அடிச்சிட்டு, "25 மி.மீ. ஷாஃப்ட், ±0.01 மி.மீ., மைக்ரோமீட்டரில் அளந்து"ன்னு போட்டோம். அதாவது 24.99-க்கும் 25.01-க்கும் நடுவுல நிக்கணும். எழுதினா அடுத்த கேள்வி நிச்சயம்: எப்படிப் பிடிச்ச? இன்சர்ட் தேயத் தேய வெளி விட்டம் பெருசாகும். 25.008 வந்தா, லிமிட்டைத் தாண்டும் முன்னாடியே வேர் ஆஃப்செட்டில் X-க்கு −0.008 கொடுப்பேன்னு அவன் டக்குனு சொன்னான். பதில் இவ்வளவு கையில இருந்தா மட்டும் அந்த நம்பரை எழுதுங்க. ட்ராயிங்கில் இருந்த டாலரன்ஸ் வேற, நீங்க தினமும் பிடிச்ச டாலரன்ஸ் வேற.

ஷிஃப்ட் அவுட்புட்டில்தான் ஒரு சண்டை. "150 பீஸ்னு போடு அண்ணா, கெத்தா இருக்கும்"னான். கணக்குப் போட்டோம். 8 மணி நேரம்னா 480 நிமிஷம். சாப்பாடு, டீ 45 போச்சு. இன்சர்ட் மாத்துறது, அளக்கிறது, சிப்ஸ் க்ளீனிங் 35. மிச்சம் 400. சைக்கிள் டைம், லோடிங், அன்லோடிங் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு 4 நிமிஷம். ஆக 100 பீஸ்தான். ப்ரொடக்‌ஷன்ல இருக்கிறவர் இதை மனசுலயே போட்டுடுவார். 150னு பார்த்ததும் மத்த வரிகளையும் நம்ப மாட்டார். "ஷிஃப்டுக்குச் சராசரி 100 பீஸ், ரிஜெக்‌ஷன் 1 அல்லது 2"ன்னு போட்டோம். கஸ்டமர் பேரும் பார்ட் நம்பரும் போடலை. அது பழைய கம்பெனியோட விஷயம்.

கடைசியா ப்ரோக்ராமிங். "ப்ரோக்ராமிங் தெரியும்"னு இருந்தது. உண்மையில் அவன் ஆஃப்செட் மாத்துவான், ஃபீடும் ஸ்பீடும் எடிட் பண்ணுவான், G71 ரஃபிங் சைக்கிளைப் படிச்சுப் புரிஞ்சுக்குவான். புதுசா முழு ப்ரோக்ராம் எழுதினது இல்லை. அப்படியே எழுதினோம். அவனுக்கு அது பிடிக்கலை.

போன வியாழக்கிழமை ஒரு கம்பெனியில் ட்ரையல். மெஷின் முன்னாடி நிக்க வச்சு, ஓடிட்டிருந்த ப்ரோக்ராமில் ஃபீடை மாத்தச் சொன்னாங்களாம், அப்புறம் ஒரு பீஸை அளந்து ஆஃப்செட் போடச் சொன்னாங்களாம். ப்ரோக்ராம் எழுதச் சொல்லவே இல்லை. இந்தத் தடவை ஆபரேட்டர் சம்பளம் பேசியிருக்காங்க. ஆனா நைட் ஷிஃப்ட். அதுக்குச் சித்தி இன்னும் சம்மதிக்கலை.