மே மாதத்தில் போட்ட துளை

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மனை வாங்குகிறவர்கள், வீடு கட்டுமுன் மண் பரிசோதனை செய்து ரிப்போர்ட் வாங்குகிறார்கள். அது கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: எஸ்.பி.சி. எத்தனை டன்? ஒரு சதுர மீட்டர் மண் பத்திரமாக எத்தனை டன் தாங்கும் என்பதுதான் அந்த எண். நானாக இருந்தால் அதற்கு முன்பு துளை போட்ட தேதியைப் பார்ப்பேன். மே மாதத் தேதி போட்டு, ‘தண்ணீர் தென்படவில்லை’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கவலைதான். அதே இடத்தில் ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறக்கூடும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியதும் 2019 ஜூனில் ஏரிகள் வற்றித் தவித்ததும் ஒரே சென்னைதான்.

தண்ணீர் ஏறினால் மணல் வழுக்கும், அதனால் வலு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மணலின் உராய்வுக் கோணம் நனைந்தால் ஓரிரண்டு டிகிரிதான் குறையும். மாறுவது எடை.

தூணின் கீழுள்ள ஃபுட்டிங் மண்ணுக்குள் புதைய வேண்டுமென்றால், அடியிலுள்ள மணலைப் பக்கவாட்டில் தள்ளி, சுற்றியுள்ள மண்ணை மேலே கிளப்பியாக வேண்டும். கிளம்பவிடாமல் அமுக்கிப் பிடிப்பது அந்த மண்ணின் எடை. மணல் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உராய்வதும் அதே எடையால்தான். கிணற்றில் வாளியை இழுத்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீருக்குள் இருக்கும்வரை வாளி கனப்பதில்லை, நீர்மட்டத்தைத் தாண்டியதும் கை இழுபடும். மணலுக்கும் அதே கதிதான். ஈரமான மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1.7 டன் இருக்கும். இடைவெளியெல்லாம் நீர் நிரம்பிப் பூரிதமானால் 2 டன். ஆனால் அது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும்போது, விலக்கப்பட்ட ஒரு டன் நீர் அதைத் தாங்கிக்கொள்வதால், துகள்கள் உணரும் எடை 1 டன்தான். இதற்கு மூழ்கிய எடை என்று பெயர்.

ஒரு கணக்குப் போடுவோம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில், ஒன்றரை மீட்டர் சதுர ஃபுட்டிங். மண் முழுக்க மணல், உராய்வுக் கோணம் 30 டிகிரி. மணலில் இரண்டு பங்குகளைக் கூட்டினால் தாங்குதிறன் வரும். முதல் பங்கு, ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்கு மேலே பக்கத்தில் நிற்கும் மண்ணின் எடையால் வருவது. இரண்டாவது, அடிமட்டத்துக்குக் கீழே ஃபுட்டிங்கின் அகலம் அளவுக்கு உள்ள மண்ணின் எடையால் வருவது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பத்திரமான அளவாக எடுத்துக்கொள்வோம்.

மே மாதம், தண்ணீர் மிக ஆழத்தில். இரண்டு பங்குக்கும் 1.7 டன்தான் எடை. இந்தியத் தரநிலையின் சூத்திரத்தில் போட்டால் (ஆழத்துக்கான சலுகையைச் சேர்க்காமல்) முதல் பங்கு சதுர மீட்டருக்கு சுமார் 53 டன், இரண்டாவது சுமார் 23. மூன்றால் வகுத்தால் 25 டன்.

தண்ணீர் ஏறி ஃபுட்டிங்கின் அடியைத் தொடுகிறது. மேலுள்ள மண் இன்னும் நனையவில்லை, முதல் பங்கு அப்படியே 53. கீழுள்ளது மூழ்கிவிட்டதால் அதற்கு 1 டன் எடை, பங்கு 13. பத்திரமான அளவு 22 டன். பயந்த அளவுக்கு இழப்பு இல்லை.

இனி தண்ணீர் தரைமட்டம் வரை ஏறுகிறது. இப்போது பக்கத்து மண்ணும் மூழ்கியது. 53 இருந்தது 31 ஆகிறது, மொத்தம் பத்திரமான அளவு 15 டன். பெரிய அடி விழுவது இந்தக் கடைசி ஒன்றரை மீட்டரில்தான். நீர் அடிமட்டத்துக்கும் அதற்கு ஓர் அகலம் கீழே உள்ள மட்டத்துக்கும் நடுவில் நின்றால், இரண்டு எடைகளுக்கும் இடையே விகிதப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றால் 1.35. அந்த ஓர் அகலத்துக்கும் கீழே நீர் இறங்கிவிட்டால் கணக்கில் அது வருவதே இல்லை. நம் ஃபுட்டிங்குக்கு அது தரையிலிருந்து 3 மீட்டர். 12 மீட்டர் அகல ராஃப்டுக்கோ, அடிமட்டத்துக்குக் கீழே 12 மீட்டர் வரை நீரைக் கவனித்தாக வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘நீருக்குக் கீழே உள்ள மண் பூரித மண்’ என்று சரியாகவே யோசித்து, 1 டன்னுக்குப் பதில் 2 டன்னைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் தண்ணீர் தரைமட்டத்தில் நிற்கும்போது விடை கிட்டத்தட்ட 30 டன் வரும். சரியான விடையைப் போல இரண்டு மடங்கு! கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம்: மணலில் தண்ணீர் ஏற ஏற எஸ்.பி.சி. கூடுகிறது என்று ஒரு கணக்கு சொன்னால், அதில் எங்கோ பூரித எடை புகுந்திருக்கிறது.

களிமண்ணில் மட்டும் அந்த எடையைப் போடுவது பிழையல்ல. சுமை ஏறும் வேகத்துக்குக் களியிலிருந்து நீர் வெளியேற முடியாது. அதன் வலு ஒட்டும் தன்மையிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் இரண்டாவது பங்கே கிடையாது, பக்கத்து மண்ணின் எடையும் கழிந்துபோகும். அங்கே பயப்பட வேண்டியது வேறு: கோடையில் இறுகிக் கிடந்த களி மழையில் ஊறி, ஒட்டும் வலுவையே இழப்பது. அதை எடை மாற்றிக் கண்டுபிடிக்க முடியாது. ஊறவைத்த மாதிரியைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே மணல் மனையில் வடிவமைப்புக்கு எடுக்க வேண்டியது துளையில் கண்ட நீர்மட்டம் அல்ல, அந்த இடத்தில் வரக்கூடிய உச்ச நீர்மட்டம். பக்கத்து வீட்டுக் கிணற்றின் உறையில் படிந்த கறை அதைக் காட்டும். தெருவில் முப்பது வருஷமாக இருக்கும் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

நீர் இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். தாங்குதிறனுக்கு நல்லதுதான், 15 டன் மறுபடி 25 ஆகும். ஆனால் அடியில் இளகிய களி அடுக்கு இருந்தால் கதை மாறும். நீர் ஒரு மீட்டர் இறங்கும்போது, மிதந்துகொண்டிருந்த 1 டன் மணல் 1.7 டன்னாகிக் கீழுள்ளதை அழுத்துகிறது. நான்கு மீட்டர் இறங்கினால் சதுர மீட்டருக்கு 2.8 டன் புதுச்சுமை. சாதாரண வீட்டில் ஒரு தளம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை டன் என்பதால், இது தெரு முழுக்க இரண்டு தளம் கட்டியதற்குச் சமம். களி மெதுவாக நீரைப் பிழிந்து சுருங்கும், வீடு உடையாமலே இறங்கும்.

ஏரிப்படுகைக் களியின் மேல் நிற்கும் மெக்சிகோ சிட்டி நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, சில இடங்களில் 9 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அங்கே 1910-ல் திறக்கப்பட்ட சுதந்திர நினைவுத் தூண் ஆழமான பைல்கள் மேல் நிற்பதால் அந்த அளவுக்கு இறங்கவில்லை. சுற்றியுள்ள சாலைதான் இறங்கிக்கொண்டே போனது. தூணுக்கு ஏறிப்போக, கீழே புதிதாக 14 படிகள் கட்ட வேண்டியதாயிற்று.