நெறி எது என்பதை மீறும்போதுதான் அறிகிறோம்

ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் குழு எதிர்பார்க்கிறதோ, அதைச் சமூகவியல் ‘நெறி’ என்கிறது, ஆங்கிலத்தில் நார்ம். பலரும் செய்வதாலேயே ஒன்று நெறியாகிவிடாது. ஒரு தெருவில் பெரும்பாலோர் காலையில் காபி குடிக்கலாம். ஒருவர் குடிக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது வெறும் பழக்கம். ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும்போது ஒரு மாணவன் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தால் முப்பது தலைகள் அவன் பக்கம் திரும்பும். அங்கே ஒரு நெறி இருக்கிறது.

நெறிகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-இல் வெளியிட்ட நூலில் அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அன்றாட நடைமுறைக்கு உதவும் இலகுவான நெறிகளை ஃபோக்வேஸ் என்றார். தமிழில் வழக்காறு எனலாம். இதை மீறினால் குழுவின் நலமே கெடும் என்று மக்கள் உறுதியாக நம்பும் நெறிகளை மோரேஸ் என்றார். அதை அறவழக்கு எனலாம். மோரேஸ் என்பது லத்தீன் சொல்.

செருப்பை வாசலில் கழற்றுவதும், வலது கையால் சாப்பிடுவதும், பெரியவர்கள் வரும்போது காலை மடக்கி உட்காருவதும் வழக்காறுகள். இடது கையால் சோற்றைத் தொடும் குழந்தையைப் பாட்டி அதட்டுவார். அத்துடன் விஷயம் முடிந்துவிடும். அதே குழந்தை பக்கத்து வீட்டில் பணம் எடுத்து வந்தது தெரிந்தால் வீடே கலங்கிப்போகும். இங்கே ‘மரியாதை தெரியவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘இப்படிச் செய்யலாமா’ என்று கேட்பார்கள். முதல் மீறல் பிள்ளையின் நடத்தையைப் பற்றிய குறை, இரண்டாவது பிள்ளையின் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. வழக்காறா அறவழக்கா என்று பிரித்தறிய இந்த எதிர்வினையைக் கவனித்தாலே போதும்.

இந்த எதிர்வினைக்குச் சமூகவியலில் சேங்ஷன் என்று பெயர். அது தண்டனையை மட்டும் குறிப்பதல்ல. பாராட்டும் பரிசும் அதில் அடங்கும். முழு வருகைக்குத் தரும் சான்றிதழ், தாமதமாக வந்ததற்குப் பெற்றோரை அழைத்து வரச் சொல்வது ஆகிய இரண்டும் பள்ளி விதிப்படி நடப்பவை, முறைசார்ந்தவை. அம்மாவின் ஒரு பார்வை, அப்பா இரண்டு நாள் பேசாமல் இருப்பது, தோழிகளின் கேலி, தாத்தாவின் ‘சபாஷ்’ ஆகியவை முறைசாராதவை. அதிகம் வேலை செய்வது இந்த இரண்டாம் வகைதான். ஏனெனில் விதிப்புத்தகத்தைத் திறக்க ஒரு அதிகாரி வேண்டும். பார்வைக்கும் கேலிக்கும் யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

தேர்வறையில் இவை அனைத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் பின்னால் இருக்கும் நண்பன் விடைத்தாளைச் சாய்த்துக் காட்டச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காட்டக் கூடாது என்பது பள்ளியின் அறவழக்கு. மீறினால் தேர்வே ரத்தாகலாம். நண்பனுக்கு உதவ வேண்டும் என்பது நண்பர் குழுவின் அறவழக்கு. மீறினால் மதிய உணவுக்கு யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பட்டமும் சேரலாம். பள்ளியின் தண்டனை அவன் பிடிபட்டால்தான் வரும். நண்பர்களின் தண்டனையோ காட்ட மறுத்தால் அன்றைக்கே வந்துவிடும். அதனால்தான் ஒழுங்கான பிள்ளைகள்கூடச் சில நேரம் தாளைச் சாய்க்கிறார்கள். இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பது அவசரத் தீர்ப்பு. அந்தப் பிள்ளை இரண்டு நெறிகளுக்கு நடுவே நிற்கிறான். யாரும் பார்க்காத இடத்திலும் அவன் மறுத்தால், அந்த நெறி அவனுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது தண்டிப்பவரும் அவனே. குற்ற உணர்வுதான் அந்தத் தண்டனை.

நெறிகளின் எடை காலத்தோடு மாறும். கணவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இரண்டு தலைமுறைக்கு முன் தமிழ்க் குடும்பங்களில் மிகக் கண்டிப்பாகக் காக்கப்பட்டது. ‘அவர்’, ‘இவங்க அப்பா’ என்றே பெண்கள் குறிப்பிட்டார்கள். இன்று பெயர் சொல்லி அழைக்கும் மருமகளைப் பார்த்து மாமியார் முகம் சுளிக்கலாம். பல வீடுகளில் அதுவும் இல்லை. அறவழக்கு வழக்காறாக இளகி, பிறகு வெறும் விருப்பமாகவும் ஆகிவிட்டது.

எதிர்வினைகளும் இதே போல மாறுகின்றன. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பிரம்பால் அடிப்பது ஒரு காலத்தில் ஆசிரியரின் கடமையாகவே கருதப்பட்டது. பெற்றோரே ‘அடித்துச் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைக்கு உடல் தண்டனை தருவதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.