காலி பாட்டில் திரும்பும்வரை

புதிதாகப் பெட்டிக்கடை போடுகிறவர் கண்ணாடி பாட்டில் சோடாவும் கலரும் முதல் தடவை எடுக்கும்போது இரண்டு தொகை கொடுப்பார். ஒன்று பானத்தின் விலை. மற்றது பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் டெபாசிட். அதற்குப் பிறகு காலி கிரேட்டைக் கொடுத்து நிரம்பிய கிரேட்டை வாங்கிக்கொள்வார். டெபாசிட் கம்பெனியிடமே கிடக்கும். கடையை மூடும் நாளில் காலியைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வர வேண்டும். அதுவரை அது யாருடைய பணம்?

கடைக்காரருடையது என்கிறது கணக்கியல். பணம் கம்பெனியின் பெட்டிக்குள் வந்துவிட்டாலும் அது வருமானம் ஆகாது. திருப்பித் தர வேண்டிய கடனாக, பொறுப்புகள் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சோடா கம்பெனி வாரம் 1,000 கிரேட் அனுப்புகிறது. கிரேட்டுக்கு டெபாசிட் 300 ரூபாய். போன கிரேட் திரும்ப சராசரியாக 3 வாரம் ஆகிறது. அப்படியானால் எந்த நாளிலும் வெளியே சுமார் 3,000 கிரேட் இருக்க வேண்டும். டெபாசிட் கடன் 9 லட்சம் ரூபாய். ஆனால் பேரேட்டைத் திறந்தால் 15 லட்சம் நிற்கிறது. அதாவது 5,000 கிரேட் வெளியே இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. மீதி 2,000 கிரேட்டும் உடைந்திருக்கும், வீட்டுத் திண்ணையில் உட்காரும் பலகையாகியிருக்கும், அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு வாரமும் நாலைந்து கிரேட் குறைவது யார் கண்ணிலும் படாது. பத்து வருஷத்தில் அது இப்படிச் சேர்ந்துவிடும்.

இனி வராது என்று நியாயமாகச் சொல்லக்கூடிய 2,000 கிரேட்டின் 6 லட்சத்தைக் கடனிலிருந்து எடுத்து வருமானத்தில் சேர்க்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிரேட் கம்பெனியின் சொத்துப் பட்டியலிலும் இருக்கிறதே! பாட்டிலோடு சேர்த்துப் புதிதாக வாங்க 500 ரூபாய் ஆகும் என்றால், தொலைந்த 2,000-ஐ ஈடுகட்ட 10 லட்சம் வேண்டும். கடனைக் குறைத்துவிட்டு, சொத்துப் பக்கத்தில் தொலைந்த கிரேட்டுகளை அப்படியே விட்டுவைத்தால் இல்லாத லாபம் தெரியும். வருஷம் ஒரு தடவையாவது கிடங்கில் இருப்பதை எண்ணி, பேரேட்டோடு ஒப்பிட்டால்தான் இது பிடிபடும்.

டெபாசிட் என்று பெயர் வைத்தால் மட்டும் அது கடன் ஆகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய வழக்கு உண்டு. பஞ்சாப் டிஸ்டில்லிங் இண்டஸ்ட்ரீஸ் என்ற சாராயக் கம்பெனி, பாட்டில் தட்டுப்பாடு இருந்த காலத்தில், சாராயத்தின் விலை, பாட்டிலின் விலை இரண்டோடு மூன்றாவதாக ஒரு தொகையையும் வாங்கியது. காலி பாட்டில் திரும்புவதற்கான பாதுகாப்பு டெபாசிட் என்று அதற்குப் பெயர். வாங்கிய பாட்டில்களில் 90 சதவீதம் திரும்பினால் அந்தத் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும். கம்பெனி அதைத் தனிக் கணக்கில் வைத்திருந்தது. திரும்பக் கேட்கப்படாமல் மிஞ்சிய தொகைக்கு வருமான வரித்துறை வரி கேட்டது.

1959-இல் உச்ச நீதிமன்றம் வரித்துறை பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாட்டிலைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வாங்கியவருக்கு இல்லை. கம்பெனி அவரிடம் பாட்டிலைக் கேட்டுப் பெறும் உரிமையும் இல்லை. அப்படியிருக்க எதற்குப் பாதுகாப்பு? இந்தத் தொகையையும் கொடுக்காமல் சரக்கே கிடைக்காது என்பதால் அதுவும் விற்பனை வரவுதான் என்றது நீதிமன்றம். எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. பாட்டில் யாருக்குச் சொந்தம், திருப்பும் கடமை யாருக்கு என்பதை எழுதி வைக்காமல், கணக்குத் தலைப்பை மட்டும் நம்பியிருந்தது அந்தக் கம்பெனி.

2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே கடன் யாருக்கு என்று பெயர் எழுத முடியாது. ஒருவர் குடித்துவிட்டு வீசியதை இன்னொருவர் பொறுக்கி வந்து 10 ரூபாய் வாங்கிப் போகலாம். காலி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடன்.

பெட்டிக்கடைக்காரருக்கோ ரசீதுதான் சாட்சி. எத்தனை கிரேட், பாட்டிலுக்கு எவ்வளவு, கிரேட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஏஜென்சி கை மாறினால், பழைய டெபாசிட்டைப் புதியவர் ஏற்றுக்கொண்டதாக அன்றைக்கே கையெழுத்துக் கேளுங்கள்.