77 பாத்திரங்கள், 254 கோடுகள்

விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலைத் தமிழில் பலர் சுத்தானந்த பாரதியின் 'ஏழை படும் பாடு' வழியாகப் படித்திருப்பார்கள். அந்த நாவலில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்த ஒரு தொகுப்பை, கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1993இல் வெளியிட்டார். அதில் பிறரோடு தொடர்புள்ள 77 பாத்திரங்கள் இருக்கின்றன. அவர்களுக்குள் 254 தொடர்புகள்.

பாத்திரங்களைப் புள்ளிகளாக்கி, அகர வரிசையில் ஒரு வட்டத்தில் நிறுத்தி, தொடர்புகளைக் கோடுகளாக இழுத்துப் பாருங்கள். நடுவே ஒரே கருப்புச் சிக்கல்தான் மிஞ்சும். தரவில் பிழை ஏதுமில்லை. நெருங்கிப் பழகுபவர்கள் வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் நிற்பதால், அவர்களை இணைக்கும் கோடுகள் எல்லாம் நடுவில் வெட்டிக்கொள்கின்றன.

இங்கே கைகொடுப்பது விசை முறை. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கோடுகள் தங்கள் இரு முனைகளையும் இழுக்கின்றன. இந்த இழுபறி அடங்கும் வரை கணினி புள்ளிகளை நகர்த்துகிறது. Gephi என்ற இலவச மென்பொருளில் இதற்கான ஒரு வழி ForceAtlas2.

அதை ஓடவிட்டதும் கதை தெரிய ஆரம்பிக்கிறது. அதிகத் தொடர்புள்ள ஜான் வல்ஜான் நடுப்பகுதிக்கு வருகிறான். புரட்சி மாணவர்கள் ஒரு பக்கம் நெருக்கமாகத் திரள்கிறார்கள். பான்டீனும் அவளுடைய இளமைக்கால நண்பர்களும் தனிக் கொத்தாகிறார்கள். பிஷப் மிரியேலைத் தவிர வேறு யாரோடும் தொடர்பில்லாத ஏழு பேர் அவரைச் சுற்றி விசிறிபோல விரிகிறார்கள்.

கொத்துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் LinLog mode அவற்றைப் பிரித்துக் காட்டும். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுக்கும் Prevent Overlap வசதியைக் கடைசியில் போடுவதே நல்லது. முதலிலேயே போட்டால், புள்ளிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக முடியாமல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பிறகு கோடுகளை வெளிர் நிறமாக்கி, முக்கியமானவர்களுக்கு மட்டும் பெயர் எழுதினால் கண்ணுக்கு இதமாகும்.

ஒரே ஒருமுறை நடந்த சந்திப்புகளை நீக்கியும் கோடுகளைக் குறைக்கலாம். ஆனால் அப்போது பிஷப்பைச் சுற்றியுள்ள பெரும்பாலோர் தொடர்பற்றுத் தனித்து நிற்பார்கள். எதை நீக்கினோம் என்பதைப் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும்.

இந்தப் படத்தில் மேல், கீழ், இடம், வலம் என்பதற்கு அர்த்தம் கிடையாது. மறுபடி ஓட்டினால் முழுப் படமும் திரும்பி நிற்கலாம். பக்கத்தில் இருக்கும் இருவருக்குள் நேரடித் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். கோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புள்ளிகளின் தொடக்க இடங்களை மாற்றி மூன்று நான்கு முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சேர்ந்தே நிற்கும் கொத்துகளை மட்டும் நம்புங்கள். எல்லோரும் எல்லோரோடும் தொடர்புள்ள கூட்டமென்றால் எந்த அமைப்பும் உதவாது. அதற்கு வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போட்ட அட்டவணையே ஏற்றது.