எதிர்வீட்டில் எரிகிறது, நம் வீட்டில் ஏன் இல்லை?

கரண்ட் போனதும் முதலில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்போம். தெரு முழுக்க இருட்டு என்றால், 'எல்லாருக்கும்தான் போயிருக்கு' என்று விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எதிர்வீட்டில் டியூப்லைட் எரிந்தால் மட்டும் கவலை வரும். 'நம்ம வீட்லதான் ஏதோ கோளாறு' என்று எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவோம். அவர் வந்து பார்த்துவிட்டு, 'வீட்ல ஒண்ணுமில்ல சார், லைன்லயே வரலை' என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

எதிர்வீட்டு விளக்கை மட்டும் நம்பியதால் வந்த வினை இது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் புறப்படுகின்றன. சிங்கிள் பேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் வரும். பாரம் ஒரே கம்பியில் குவியாமல் இருக்க, உங்கள் வீட்டை ஒரு பேஸிலும் பக்கத்து வீட்டை வேறொன்றிலும் கட்டியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பேஸின் பீஸ் மட்டும் போனால், தெருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருளும், மற்றவை எரியும். 'ஒரு பேஸ் போயிடுச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான். கோடை இரவுகளில் ஏ.சி.க்கள் ஒன்றாக ஓடும்போது இது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே ஒரு வீட்டைக் கேட்டால் போதாது. இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று நான்கைந்து வீடுகளைக் கேட்க வேண்டும். கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். 'அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?' என்று கேட்டால், இன்வெர்ட்டரில் விளக்கு எரிகிற வீட்டிலிருந்து 'இருக்கே' என்றுதான் பதில் வரும். கரண்ட் போனதே தெரியாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. 'பிரிட்ஜ் ஓடுதா? மோட்டார் போட்டா ஓடுமா?' என்று கேளுங்கள். வழக்கமாக இவை இரண்டையும் யாரும் இன்வெர்ட்டரில் கொடுப்பதில்லை. அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தால் லிப்ட் ஓடுவதும் சாட்சியாகாது.

இரவு எட்டு மணி, பத்து வீடுகள் உள்ள ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீடு இருட்டு. வலப்பக்க வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிறது, எதிர்வீட்டிலும் ஓடுகிறது. இங்கேயே நின்றால் கோளாறு உங்களுடையது என்றுதான் தோன்றும். இன்னும் நான்கு வீடு தள்ளிக் கேட்கிறீர்கள், 'எங்க வீட்லயும் இல்ல தம்பி, இப்பதான் போச்சு' என்கிறார் அங்குள்ள பெரியவர். இன்னொரு வீட்டிலும் அதே நேரத்தில் போயிருக்கிறது. மூன்று வீடுகளில் ஒரே நிமிடத்தில் உள்கோளாறு வராது. ஒரு பேஸ்தான் போயிருக்கிறது. சந்தேகம் தீர மீட்டரைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் மீட்டருக்குக் கரண்ட் வந்தால் அதன் திரையில் எண்கள் தாமாக மாறிக்கொண்டிருக்கும். திரை வெறுமையாக இருந்தால் மீட்டர் வரைக்குமே கரண்ட் வரவில்லை என்று பொருள். சில மீட்டர்கள் பட்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் பேட்டரியில் எண்ணைக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

மீட்டர் திரை ஓடுகிறது, வீட்டுக்குள் மட்டும் இருட்டு என்றால், பெரும்பாலும் கோளாறு உங்களுடையது. மெயின் போர்டில் எது கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு எம்.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒரு வழியில் ஓவர்லோடோ ஷார்ட்டோ இருக்கிறது. கசிவைக் காட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு, அதை முதலில் ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மழைக்காலத்தில் வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், வெளிச்சுவர் பிளக் பாயின்ட் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படலாம். எல்லாவற்றையும் இறக்கியும் அது நிற்கவில்லை என்றால் எலெக்ட்ரீஷியன் வேலை. எம்.சி.பி.யை இறக்கினாலும் பல வீடுகளில் நியூட்ரல் துண்டிக்கப்படாது, கசிவு அதிலும் இருக்கலாம்.

மீட்டர் வெறுமை, ஆனால் தெருவில் உங்கள் ஒரு வீடு மட்டுமே இருட்டு என்று வந்தால், போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரிலோ போஸ்ட் இணைப்பிலோ மீட்டர் பக்கத்துப் பீஸிலோ பழுது இருக்கலாம். போஸ்டும் சர்வீஸ் ஒயரும் ஈ.பி.காரர் கை வைக்க வேண்டிய இடங்கள், எலெக்ட்ரீஷியனை ஏற்றிவிடாதீர்கள்.

த்ரீ பேஸ் வீடுகளில் சங்கதி வேறு. பாதி வீடு எரியும், பாதி எரியாது. போர்டில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகளில் எது அணைந்திருக்கிறதோ அந்தப் பேஸ் போயிருக்கிறது. உடனே சேஞ்ச் ஓவரைத் திருப்பி, ஏ.சி. உட்பட எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும் பேஸுக்கு மாற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தெருவில் எல்லோரும் இதையே செய்தால் அந்தப் பேஸின் பீஸும் சற்று நேரத்தில் போகும். விளக்கு, விசிறி வரை மாற்றுங்கள், ஏ.சி.யை விட்டுவிடுங்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் அக்கம்பக்கம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிகிறது, விசிறி வேகமெடுக்கிறது, அதே நேரம் பக்கத்து வீட்டில் விளக்கு மங்குகிறது என்றால் லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறும். அடுத்த கணமே மெயினை அணைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

இனி அறிவிப்புகள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவதைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் முன்கூட்டியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, நாளிதழ்களிலும் 'இன்றைய மின்தடை' என்று வருகிறது. பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகலில் முடியும். அதில் முதலில் துணைமின் நிலையத்தின் பெயரும், பிறகு அதிலிருந்து மின்சாரம் பெறும் பகுதிகளும் இருக்கும். பகுதியின் பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஒரே நகரின் வடக்குத் தெருக்கள் ஒரு துணைமின் நிலையத்திலும் தெற்குத் தெருக்கள் இன்னொன்றிலும் இருக்கலாம். எந்த நிலையத்தின் பெயர் வந்த நாளில் உங்கள் வீட்டில் கரண்ட் நின்றது என்று ஒருமுறை கவனித்துக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை குழப்பம் இராது. ஒரு பேஸ் போனது, பீஸ் எரிந்தது போன்ற திடீர்ப் பழுதுகள் இந்தப் பட்டியலில் வராது. ஆகவே பட்டியலில் உங்கள் பகுதி இல்லை என்பதால் கோளாறு வீட்டுக்குள்தான் என்று எண்ண வேண்டாம். சொன்ன நேரம் முடிந்து தெருவுக்கெல்லாம் கரண்ட் வந்தும் உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், போர்டில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புகாரை மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்நேரமும் பதியலாம். 'கரண்ட் இல்லை' என்று மட்டும் சொல்லாமல், 'எங்கள் தெருவில் மூன்று வீட்டில் இல்லை, மற்ற வீடுகளில் இருக்கிறது, ஒரு பேஸ் போயிருக்கிறது' என்றோ, 'எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, மீட்டரிலும் காட்டவில்லை' என்றோ சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவதா, போஸ்டுக்கு வருவதா என்று லைன்மேனுக்கு அப்போதே தெரிந்துவிடும். அங்கே முதலில் கேட்பது மின் இணைப்பு எண். இருட்டில் பழைய ரசீதைத் தேட வேண்டியிராமல், அதை இன்றே செல்போனில் பதிந்துவையுங்கள்.